கல்லூரி பணமும் தரவில்லை, டி.சி.யும் தரவில்லை: புகாரைப் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளர் வரை கொண்டுபோவது எப்படி

மண்டபத்தில் நான் இ-சேவை மையம் நடத்துகிறேன். ஜூன் வந்தால் கல்லூரி விண்ணப்பம் போட வருவார்கள். ஆகஸ்ட் வந்தால் அதே பிள்ளைகளில் சிலர் வேறொரு வேலையாக வருவார்கள்: "அண்ணே, காலேஜ்ல ஒரிஜினல் தர மாட்டேங்கிறாங்க, கட்டுன காசும் வராதாம்." தனியார் கல்லூரியில் சேர்ந்திருப்பார்கள், அப்புறம் அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கும். விலகப் போனால் டி.சி.யைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். நம் கடலோரத்தில் அதிகம் வரும் புகார் இதுதான் என்பதால், இதை மட்டும் எடுத்துக்கொண்டு முதல் கடிதத்திலிருந்து கடைசி வரை எழுதுகிறேன்.

என் மையத்துக்கு வந்த தங்கச்சிமடத்துப் பெண் ஒருவரின் கோப்பையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். அப்பா விசைப்படகில் வேலை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், வீட்டில் வருமானம் இல்லை. அந்த நேரத்தில், ஜூன் 10 அன்று, அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து ஒரு தனியார் கலைக் கல்லூரியில் 30,000 ரூபாய் கட்டினார்கள். அதில் 28,000 கட்டணம், 2,000 திருப்பித் தர வேண்டிய காப்புத்தொகை. ஜூலை 12 அன்று அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது.

எந்தத் தேதியில் எழுதிக் கொடுத்தீர்கள் என்பதுதான் கணக்கு

பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, 2018 அக்டோபரில் கட்டணத்தைத் திருப்பித் தருவது பற்றி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. கல்லூரி முறைப்படி அறிவித்த சேர்க்கையின் கடைசித் தேதியை வைத்து அது கணக்குப் போடுகிறது. கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கும் முன்போ விலகினால் முழுக் கட்டணமும் திரும்ப வர வேண்டும்; அதில் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய், நடைமுறைச் செலவாகப் பிடிக்கலாம். கடைசித் தேதிக்கு முந்தைய 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம். கடைசித் தேதி தாண்டி 15 நாளுக்குள் என்றால் 80 சதவீதம். 30 நாளுக்குள் என்றால் பாதி. அதையும் தாண்டினால் கட்டணத்தில் ஒன்றும் இல்லை. காப்புத்தொகை மட்டும் எப்போதும் முழுசாக வரும். எழுத்துப்பூர்வமாகக் கேட்ட 15 நாளில் பணம் கைக்கு வர வேண்டும் என்றும் அந்த அறிவிப்பு சொல்கிறது. சில கல்வியாண்டுகளுக்கு யுஜிசி இதைவிடத் தாராளமான சுற்றறிக்கையும் விட்டிருக்கிறது. உங்கள் ஆண்டுக்கு ஒன்று இருக்கிறதா என்று ugc.gov.in தளத்தில் பார்த்துவிடுங்கள்.

நம் பெண்ணின் கல்லூரியில் கடைசித் தேதி ஜூலை 31. ஜூலை 16-க்குள் கடிதம் போயிருந்தால் 26,600 ரூபாயும் காப்புத்தொகையும் வந்திருக்கும். அவர் ஜூலை 14 அன்றே நேரில் போனார். "பிரின்சிபால் இல்லை, வெள்ளிக்கிழமை வா" என்று அனுப்பிவிட்டார்கள். கடிதம் கொடுத்தது ஜூலை 18. அதனால் அவருக்கு 90 சதவீதம்: 25,200, அதோடு 2,000, ஆக 27,200. ஆகஸ்ட் 15 வரை இழுத்திருந்தால் 24,400. ஆகஸ்ட் 30 என்றால் 16,000. ஆகஸ்ட் 31 அன்று போய் நின்றால் வெறும் 2,000. "அடுத்த வாரம் வா" என்று மூன்று முறை சொன்னாலே கல்லூரிக்கு எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள்.

அறிவிப்பில் கணக்கில் எடுப்பது, விலகல் கடிதம் கல்லூரிக்குக் கிடைத்த நாளைத்தான். நேரில் போய்ச் சொன்னது எண்ணிக்கையில் வராது. வகுப்பு ஆசிரியருக்கு வாட்ஸ்அப் அனுப்பியதும் பலவீனமான ஆதாரம்தான். எனவே விலக முடிவு செய்த அன்றே கல்லூரியின் அதிகாரப்பூர்வ மின்னஞ்சலுக்கு ஒரு கடிதம் அனுப்பிவிட்டு, மறுநாள் அதே கடிதத்தை இரண்டு நகலாக நேரில் எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் முத்திரை, தேதி, கையெழுத்து வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் சண்டை வேண்டாம். தபால் நிலையம் போய் முதல்வர் பெயருக்கு ஸ்பீடு போஸ்ட் போடுங்கள். ரசீதில் இருக்கும் எண்ணை வைத்து, டெலிவரி ஆன நாள் காட்டும் திரையைப் படம் எடுத்து வையுங்கள்.

கடிதத்தில் பணத்தையும் சான்றிதழையும் தனித்தனிக் கோரிக்கையாக எழுதுவது நல்லது. பணம் இரண்டு மாதம் கழித்து வந்தாலும் சமாளிக்கலாம், டி.சி. இல்லாமல் புதிய கல்லூரியில் நிற்க முடியாது. இரண்டையும் கலந்து எழுதினால், "பணம் கேட்கிறாயா, அப்போது டி.சி.க்கும் காத்திரு" என்று முடிச்சுப் போட்டுவிடுவார்கள். மதிப்பெண் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ் போன்ற மூலச் சான்றுகளைச் சேர்க்கையின்போது சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும், கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அதே 2018 அறிவிப்பில் இருக்கிறது. நம் பெண்ணிடம் "மூன்று வருடக் கட்டணத்தையும் கட்டினால் டி.சி." என்று கேட்டார்கள். படிக்கிற பருவத்துக்கோ ஆண்டுக்கோ மட்டும்தான் முன்கூட்டிக் கட்டணம் வாங்கலாம் என்றும் அங்கேயே இருக்கிறது.

என்னென்ன எடுத்து வைக்க வேண்டும்

ஒருநாள் அந்த அம்மா ஒரு மஞ்சள் பையைக் கொண்டு வந்து என் மேசையில் கொட்டினார். அடகுக் கடை ரசீது, பேருந்துச் சீட்டு, மடித்த விளம்பரத் தாள், அவற்றோடு கல்லூரி கவுன்டரில் மெஷினிலிருந்து வந்த கட்டண ரசீது. அந்த ரசீதில் கல்லூரிப் பெயரின் பாதிதான் தெரிந்தது. தொகை இருந்த இடம் வெறும் சாம்பல் நிறம். அது வெப்பத்தில் அச்சாகும் தாள். வெயிலும் உப்புக் காற்றும் புழுக்கமும் சேர்ந்தால் நம் ஊரில் இரண்டு மாதம் தாங்காது. நல்லவேளை, கட்டிய அன்றே மகள் அதைக் கைபேசியில் படம் எடுத்திருந்தார். அந்தப் படம்தான் கடைசி வரை காப்பாற்றியது. மெஷின் ரசீது எது வாங்கினாலும் அன்றே படம் எடுத்து, ஒரு ஜெராக்ஸும் போட்டுவிடுங்கள். பிளாஸ்டிக் உறைக்குள் அசலை வைத்தால் எழுத்து இன்னும் சீக்கிரம் போகும்; காகிதக் கவரில் வையுங்கள்.

ரசீதே தராமல் பணம் வாங்கியிருந்தால்தான் சிக்கல். அதை நேரடியாக நிரூபிக்க முடியாது என்றாலும், சுற்றியிருக்கும் தடயங்களைச் சேர்க்கலாம். அன்று வங்கியில் எடுத்த தொகை, அதே தேதியிட்ட அடகு ரசீது, "நாளைக்கு இவ்வளவு கொண்டு வாங்க" என்று அலுவலகத்திலிருந்து வந்த செய்தி. தனிநபரின் எண்ணுக்கு யு.பி.ஐ. மூலம் அனுப்பச் சொன்னார்கள் என்றால் அந்தப் பரிவர்த்தனை எண்ணே போதும். பிரச்சினை வருவதற்கு முன்பே, பணம் கட்டிய அன்று, "இன்று இவ்வளவு ரொக்கமாகச் செலுத்தினேன், ரசீது அனுப்பவும்" என்று ஒரு வரி மின்னஞ்சல் போட்டு வைத்தவர்களுக்கு வேலை பாதி முடிந்த மாதிரி. அறிவித்த கட்டணத்துக்கு மேல் வாங்குவது தமிழ்நாட்டில் 1992 முதல் சட்டப்படி குற்றம். ஆனால் தாளில் ஒன்றும் இல்லாவிட்டால் சட்டம் இருந்தும் பயனில்லை.

அடுத்தது கல்லூரியின் தகவல் கையேடு. கட்டண விவரம், சேர்க்கையின் கடைசித் தேதி, பணம் திருப்பித் தரும் விதி எல்லாம் அதில்தான் இருக்கும். இணையதளத்தில் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், பக்கம் மாறிவிடும். சேர்கிற வாரத்திலேயே பி.டி.எஃப். இறக்கி வையுங்கள். கடைசித் தேதி போட்டிருக்கும் பக்கத்தைத் தேதியோடு அச்செடுங்கள். web.archive.org தளத்தில் அந்தப் பக்கத்தின் முகவரியைக் கொடுத்துச் சேமித்தால், அன்று அது எப்படி இருந்தது என்பதற்கு வெளியில் ஒரு சாட்சி கிடைத்துவிடும்.

வாட்ஸ்அப் உரையாடலைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்பாதீர்கள். எண்ணும் தேதியும் தெரியும்படி முழுத்திரையாக எடுங்கள். உரையாடல் முழுவதையும் ஏற்றுமதி செய்து உங்கள் மின்னஞ்சலுக்கே ஒரு பிரதி அனுப்புங்கள். குறிப்பிட்ட நாளில் செய்திகள் தானாக மறையும் வசதி போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தொலைபேசியில் பேசினால், பேசி முடித்த அன்றே "இன்று காலை 11 மணிக்கு அலுவலகத்திலிருந்து பேசியபோது இப்படிச் சொல்லப்பட்டது; தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் தெரிவிக்கவும்" என்று மின்னஞ்சல் போடுங்கள். பதில் வராவிட்டாலும், அன்று நீங்கள் எழுதினீர்கள் என்பது பதிவில் நிற்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பக்கத் தேதிப் பட்டியல் வையுங்கள். எந்தத் தேதியில் என்ன நடந்தது, அதற்கு எந்தத் தாள் சான்று. தாள்களுக்கு வரிசை எண் போட்டு அதே எண்ணைப் பட்டியலில் எழுதுங்கள். புகாரைப் படிப்பவர் முதலில் பார்ப்பது இந்த ஒரு பக்கத்தைத்தான்.

கல்லூரிக்குள் முடிக்க வேண்டிய படி

நேராகப் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரிடம் போனால் திருப்பி அனுப்பிவிடுவார். யுஜிசியின் 2023 மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகள்படி, கல்லூரிக்குள் இருக்கும் வழியைப் பயன்படுத்திய பிறகுதான் அவர் மேல்முறையீட்டைக் கேட்பார். அந்த வழியின் பெயர் மாணவர் குறைதீர்ப்புக் குழு. ஒரு பேராசிரியர் தலைவர், நான்கு மூத்த ஆசிரியர்கள் உறுப்பினர்கள், ஒரு மாணவர் சிறப்பு அழைப்பாளர். கட்டணம் திருப்பித் தராதது, சான்றிதழைப் பிடித்து வைப்பது இரண்டும் குறை என்ற விளக்கத்திலேயே பெயர் சொல்லி இருக்கின்றன.

கல்லூரியின் இணையதளத்தில் புகார் பதிவு செய்யும் பக்கம் இருக்க வேண்டும். அதில் பதிவு செய்து, வரும் எண்ணைப் படம் எடுங்கள். பக்கம் இல்லை, அல்லது திறக்கவில்லை என்றால், அந்தத் திரையையும் படம் எடுத்துவிட்டு, அதே புகாரை "தலைவர், மாணவர் குறைதீர்ப்புக் குழு" என்ற பெயருக்கு மின்னஞ்சலிலும் ஸ்பீடு போஸ்ட்டிலும் அனுப்புங்கள். முதல்வருக்கு மட்டும் அனுப்பினால், பின்னால் "குழுவுக்குப் புகாரே வரவில்லை" என்று சொல்ல இடம் கிடைக்கும்.

புகார் வந்த 15 நாளில் கல்லூரி தன் கருத்தோடு அதைக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். குழு கூடியவரை 15 வேலை நாளில் அறிக்கை கொடுத்து, உங்களுக்கும் ஒரு நகல் அனுப்ப வேண்டும். நம் பெண்ணின் பணம் ஆகஸ்ட் 2-க்குள் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆகஸ்ட் 4 அன்று புகார் பதிவு செய்தோம். விடுமுறைகளைக் கழித்தால் செப்டம்பர் இரண்டாம் வாரத்துக்குள் பதில் வர வேண்டும் என்று நாள்காட்டியில் குறித்து வைத்தோம்.

பதில் வந்தது. ஒரே வரி: மாணவி தன் விருப்பத்தில் விலகியதால் கட்டணம் திருப்பித் தர இயலாது. கடிதத்தில் தேதி செப்டம்பர் 3. ஆனால் தபால்காரர் வீட்டில் கொடுத்தது செப்டம்பர் 11. உறையை அம்மா கிழித்து அடுப்பங்கரையில் போட்டுவிட்டார். "அக்கா, அந்தக் கவரைத் தேடி எடுத்துட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினேன். மேல்முறையீட்டுக்கான 15 நாள், முடிவு கையில் கிடைத்த நாளிலிருந்து தொடங்குகிறது. கடிதத் தேதியை வைத்தால் செப்டம்பர் 18, கிடைத்த நாளை வைத்தால் செப்டம்பர் 26. அந்த எட்டு நாளை நிரூபிப்பது உறையின் மேல் இருக்கும் தபால் முத்திரையும் ஸ்பீடு போஸ்ட் எண்ணும்தான்.

பதிலே வராவிட்டால்? கெடு முடிந்ததும் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு எழுதுங்கள். குழு உரிய காலத்தில் தீர்க்காத குறையைப் பல்கலைக்கழகம் குறைதீர்ப்பாளருக்கு அனுப்பலாம் என்று விதிமுறையில் இருக்கிறது. அதைச் சொல்லி, புகார் எண்ணையும் கெடு முடிந்த தேதியையும் குறிப்பிட்டு, அனுப்பி வைக்கும்படி கேளுங்கள். காத்துக்கொண்டே இருப்பதால் எந்த நன்மையும் இல்லை.

குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு

கல்லூரி அலுவலகங்களில் இவரை ஓம்பட்ஸ்பர்சன் என்றே சொல்வார்கள். ஓய்வுபெற்ற துணைவேந்தர், நீண்ட அனுபவமுள்ள ஓய்வுபெற்ற பேராசிரியர் அல்லது முன்னாள் மாவட்ட நீதிபதி இந்தப் பொறுப்பில் இருப்பார். பல்கலைக்கழகம்தான் நியமிக்கும், இணைப்புக் கல்லூரிகளின் மாணவர்களுக்கும் அவரே. நம் ராமநாதபுரம் மாவட்டத்துக் கலை அறிவியல் கல்லூரிகள் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. அந்த மாணவர்கள் அங்கேதான் போக வேண்டும். பொறியியல் என்றால் அண்ணா பல்கலைக்கழகமும் அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யும், நர்சிங் என்றால் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம், பி.எட். என்றால் கல்வியியல் பல்கலைக்கழகம். உங்கள் கட்டண ரசீதிலோ கையேட்டிலோ "இணைவு பெற்றது" என்ற வரியைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். தவறான பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினால் 15 நாள் அதிலேயே போய்விடும்.

மேல்முறையீடு இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். கல்லூரியில் நடத்திய விதம், பேசிய பேச்சு எல்லாம் மனதை அரிக்கும், தெரியும். ஆனால் அதையெல்லாம் எழுதினால், பணக் கேள்வி அதற்குள் புதைந்துபோகும். நாங்கள் எழுதியதன் உடல் இதுதான்:

> ஜூன் 10 அன்று 30,000 ரூபாய் செலுத்தினேன் (இணைப்பு 1). கல்லூரி அறிவித்த சேர்க்கையின் கடைசித் தேதி ஜூலை 31 (இணைப்பு 2). என் விலகல் கடிதம் ஜூலை 18 அன்று கல்லூரிக்குக் கிடைத்தது (இணைப்பு 3). யுஜிசியின் 2018 அக்டோபர் அறிவிப்பின்படி கட்டணத்தில் 90 சதவீதம் 25,200 ரூபாயும் காப்புத்தொகை 2,000 ரூபாயும் எனக்கு வர வேண்டும். ஆகஸ்ட் 4 அன்று குறைதீர்ப்புக் குழுவிடம் புகார் செய்தேன் (இணைப்பு 4). குழுவின் முடிவு செப்டம்பர் 11 அன்று கிடைத்தது (இணைப்பு 5, உறையுடன்). அந்த முடிவில் மேற்படி அறிவிப்பு கருத்தில் கொள்ளப்படவில்லை.
>
> எனவே, 1) 27,200 ரூபாயைத் திருப்பித் தரவும், 2) என் மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் சான்றிதழையும் உடனே வழங்கவும் உத்தரவிட வேண்டுகிறேன்.

ஜூலை 14 அன்றே போனதைச் சொல்லி 28,600 கேட்கலாமே என்று அந்தப் பெண் கேட்டார். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அன்று போனதற்கு முத்திரையிட்ட தாள் இல்லை. கூடுதலாக 1,400 கேட்டு, அதை நிரூபிக்க முடியாமல் நின்றால், மற்ற எண்களின் மேலும் சந்தேகம் விழும். நிரூபிக்க முடிந்ததை மட்டும் கேட்போம் என்று முடிவு செய்தோம்.

மேல்முறையீடு வந்த 30 நாளில் தீர்க்க குறைதீர்ப்பாளர் முயல வேண்டும். விசாரணை நாள் சொல்வார்கள். நேரில் வர முடியாவிட்டால் பிரதிநிதியை அனுப்பலாம். கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம் போதும். இவர்களுக்கு நாள் விழுந்தது ஒரு புதன்கிழமை. ராமேசுவரத்து விசைப்படகுகள் கடலுக்குப் போகும் நாள் என்பதால் அப்பா வர முடியவில்லை, சித்தி கூடப் போனார். அசல் தாள்களைக் காட்டிவிட்டுக் கையோடு திருப்பி வாங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தேன். கொடுப்பது நகல் மட்டும்தான்.

மதிப்பெண் குறைவு, மறுமதிப்பீடு என்று இவரிடம் போக வேண்டாம். குறிப்பிட்ட முறைகேடோ பாகுபாடோ காட்ட முடிந்தால் தவிர அதை எடுக்கமாட்டார். ராகிங்குக்கு 1800-180-5522 என்ற தனி எண் இருக்கிறது, பாலியல் தொல்லைக்குக் கல்லூரியின் உள்புகார்க் குழுவும் காவல்துறையும். அவற்றை இந்த வரிசையில் காத்திருக்க வைக்கக் கூடாது. பொய்ப் புகார் என்று தெரிந்தால் புகார் செய்தவர் மேலேயே நடவடிக்கைக்குப் பரிந்துரைக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அதற்கும் மேலே

உத்தரவு வந்தும் கல்லூரி அசையவில்லை, அல்லது பல்கலைக்கழகம் குறைதீர்ப்பாளரையே நியமிக்கவில்லை என்றால் யுஜிசிக்குப் போகலாம். இரண்டாவது நடக்காத ஒன்றல்ல. 2024-ல் குறைதீர்ப்பாளரை நியமிக்காத 150-க்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்களின் பட்டியலை யுஜிசியே வெளியிட்டது. samadhaan.ugc.ac.in தளத்தில் பதிவு செய்து புகார் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். யுஜிசி நீதிமன்றம் மாதிரி உட்கார்ந்து விசாரிப்பதில்லை. பெரும்பாலும் உங்கள் புகாரை அதே கல்லூரிக்கோ பல்கலைக்கழகத்துக்கோ அனுப்பி விளக்கம் கேட்கும். ஆனால் விதிமுறையை மீறும் நிறுவனத்தின் மானியத்தை நிறுத்தவும், இணைப்பை விலக்கப் பரிந்துரைக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. கல்லூரி அனுப்பிய விளக்கத்தை வைத்துப் புகாரை முடித்துவிட்டால், அந்த விளக்கத்தில் எது தவறு என்று ஒரு பக்கத்தில் எழுதி, சான்றோடு மறுபடி பதிவு செய்யுங்கள்.

டி.சி. இல்லாமல் புதிய கல்லூரியில் இடம் போகும் நிலை வந்தால், இந்த மொத்த வரிசையும் தாமதம்தான். அப்போது மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தருவார்கள். கல்லூரிக்கு ஒரு நோட்டீஸ், தேவைப்பட்டால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஒரு மனு. கல்விச் சான்றிதழ் பணத்துக்காகப் பிடித்து வைக்கும் பொருளல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதுவரை புதிய கல்லூரி முதல்வரிடம், புகார் எண்ணின் நகலை இணைத்து, டி.சி. கொடுக்க அவகாசம் கேட்டுக் கடிதம் கொடுங்கள். நம் பெண்ணுக்கு அப்படித்தான் அவகாசம் கிடைத்தது.

விசாரணை நாளுக்கு நான்கு நாள் முன்பே கல்லூரி டி.சி.யைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டது. பணத்துக்கு உத்தரவு வந்தது, காசோலையும் தயாரானது. வாங்கப் போனபோது அலுவலகத்தில் ஒரு தாளை நீட்டினார்கள்: முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், எந்தப் புகாரும் இல்லை. அந்தப் பெண் அதில் கையெழுத்துப் போடாமல் எனக்குப் போன் செய்தார். காசோலை எண், தேதி, தொகை மூன்றையும் எழுதி, "காசோலை மட்டும் பெற்றுக்கொண்டேன், தொகை வங்கிக் கணக்கில் வரவானபின் புகார் முடிவுற்றதாக எழுதித் தருகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னேன். மூன்றாம் நாள் 27,200 கணக்கில் ஏறியது. அதற்கப்புறம்தான் கல்லூரி கேட்ட கடிதத்தை எழுதிக் கொடுத்தோம், அதிலும் ஒரு நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு.